மச்சான்மார், மச்சாள்மாருக்கு: தீர்த்தத்தன்று மத்தியானம் எல்லாரும் சேர்ந்து பார்க்க ஒரு படம்

இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் எல்லாரும் வந்து நிற்கிறீர்கள். நானும் கொவென்றியில் படிப்பு விடுமுறை கிடைத்து வந்திருக்கிறேன். கடைசிக் கிழமையில் குடும்பமாக இருந்து பார்க்க ஒரு படம் சொல்லு என்று குழுவில் கேட்டிருந்தீர்கள். என் பதில் ஒன்றுதான். டூரிஸ்ட் ஃபேமிலி. கதையைச் சொல்லாமல் ஏன் என்று மட்டும் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிப்படை விபரம். 2025 மே 1 அன்று வெளிவந்த படம். இயக்குநர் அபிஷன் ஜீவிந்துக்கு இது முதல் படம், அப்போது இருபதுகளின் நடுவில்தான் இருந்தார். சசிகுமாரும் சிம்ரனும் அப்பா அம்மா. மிதுன் ஜெய்சங்கர் மூத்த மகன், கமலேஷ் இளைய மகன். யோகி பாபு, எம்.எஸ். பாஸ்கர், இளங்கோ குமரவேல், ரமேஷ் திலக் என்று தெரிந்த முகங்கள் நிறைய. இசை ஷான் ரோல்டன். அதே நாளில் சூர்யாவின் பெரிய படமும் வந்தது, ஆனாலும் இந்தச் சின்னப் படம் பார்த்தவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லியே ஓடியது. இரண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுக்கு இது முக்கியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

கதையில் நான் சொல்லப்போவது முதல் சில நிமிடங்களில் நடப்பதை மட்டும். இலங்கையிலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பெடியன்கள், பொருளாதார நெருக்கடி தாங்க முடியாமல் இரவோடு இரவாகப் படகில் ராமேஸ்வரம் பக்கம் போய் இறங்குகிறார்கள். அம்மாவின் சகோதரர் ஏற்கெனவே இந்தியாவில் இருக்கிறார். அவர் அவர்களைச் சென்னையில் ஒரு குடியிருப்பில் கொண்டுபோய்க் குடிவைக்கிறார். பத்திரம் எதுவும் இல்லை, யாருக்கும் தாங்கள் யாரென்று தெரியக்கூடாது. இதற்கு மேல் என் வாயிலிருந்து ஒன்றும் வராது. அக்கம்பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது, எப்படி முடிகிறது, எதுவும் கேட்கவேண்டாம்.

சரி, ஏன் இந்தப் படம்?

2022-ஐ நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு இடத்திலிருந்து பார்த்தோம். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கு வரிசை, காஸுக்கு வரிசை, பால்மா கடையில் இல்லை. சின்னம்மா வீட்டில் விறகு அடுப்பைத் திரும்பவும் மூட்டினார்கள். ரொறன்ரோவில் இருந்தவர்களுக்கு அது ரீவிச் செய்தி, இங்கே இருந்தவர்களுக்கு அது அன்றாடம். அந்த மாதத்திலேயே மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் குடும்பங்கள் படகேறத் தொடங்கின. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர்தான். ஆனால் ஓட்டிகள் பலரைக் கரையில் இறக்கவில்லை. நடுவில் இருக்கும் மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். கைக்குழந்தையோடு தண்ணீர் இல்லாமல் திட்டில் நின்றவர்களை இந்தியக் கடலோரக் காவல்படை வந்து ஏற்றிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பொலீஸ் விசாரணை, பிறகு மண்டபம் அகதி முகாம். சண்டை முடிந்து பதின்மூன்று வருடம் ஆன பிறகும் எங்கள் ஆட்கள் அதே கடலைக் கடந்தார்கள், இந்த முறை ஷெல்லுக்குப் பயந்து அல்ல, அரிசி விலைக்குப் பயந்து.

இந்த விஷயத்தைத் தொட்ட தமிழ்நாட்டுப் படம் என்றால் நாங்கள் உடனே இரண்டில் ஒன்றை எதிர்பார்ப்போம். ஒன்று, எங்களை வைத்து இரண்டரை மணித்தியாலம் அழவைப்பார்கள். இல்லாவிட்டால் எங்கள் பேச்சை வைத்துச் சிரிப்புக் காட்டுவார்கள். இந்தப் படம் இரண்டையும் செய்யவில்லை. சிரிப்பு நிறைய இருக்கிறது, ஆனால் அது அந்தக் குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு இல்லை, அந்தக் குடும்பத்தோடு சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சின்னவன் முள்ளி (கமலேஷ்) வாயைத் திறந்தாலே வீட்டில் ஒரு கலகலப்பு வரும். எங்கள் வீட்டில் கடைக்குட்டிகள் பெரியவர்களின் கதைக்குள் புகுந்து ஒரு பேச்சுப் பேசுவார்களே, அப்படி ஒரு பேச்சு. அவன் படம் எடுப்பவர்களுக்காகப் பேசுகிற மாதிரி எனக்குப் படவில்லை, அம்மாவைச் சமாளிப்பதற்காகப் பேசுகிற மாதிரித்தான் பட்டது. அதனால்தான் நம்பமுடிகிறது.

அடுத்தது அவர்களின் பேச்சு. இதைப் பற்றி அம்மம்மாவும் பெரியப்பாவும் முதல் பத்து நிமிடத்துக்குள் சண்டை பிடிப்பார்கள், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன்.

தமிழ்நாட்டு நடிகர்கள் எங்கள் மாதிரிக் கதைக்கும்போது முதலில் பிடிபடுவது சொற்கள் இல்லை. சொற்களை யாரும் பாடமாக்கலாம். ஓம், கதைக்கிறது, வாறன், போறன், என்ன மாதிரி, எல்லாம் ஒரு நாளில் வந்துவிடும். பிடிபடுவது கேள்வியின் வால். தமிழ்நாட்டில் ‘வர்றீங்களா’ என்று ஆவில் முடியும். எங்களுக்கு ‘வாறியளோ’ என்று ஓவில் முடியும், குரலும் வேறு இடத்தில் ஏறி இறங்கும். அடுத்தது ‘காற்று’, ‘நேற்று’ மாதிரிச் சொற்களில் வரும் இரட்டை ற. தமிழ்நாட்டில் எழுத்தாக வாசித்தால் அதற்குள் ஒரு ர உருளும், பேச்சில் ‘காத்து’, ‘நேத்து’ என்று ஆகிவிடும். எங்கள் வாயில் நாக்கு நுனி பல்லுக்குக் கொஞ்சம் மேலே ஒட்டி நின்று விலகும். சின்ன வயதிலிருந்து கேட்காதவருக்கு அது வரவே வராது. மூன்றாவது வேகம். நாங்கள் கோபம் வந்தால் சொற்களைச் சுருக்கி விழுங்கிவிட்டுக் கடைசி எழுத்தை இழுப்போம். நடிகர்கள் கோபம் வந்தால் தங்கள் சொந்த ஊர்த் தாளத்துக்குப் போய்விடுவார்கள், ஏனென்றால் கோபத்தில் பாடமாக்கியது நிற்காது.

இந்த மூன்றையும் காதில் வைத்துக்கொண்டு படத்தைப் பாருங்கள். என் காதுக்கு சசிகுமார் அமைதியாகப் பேசும் இடங்களில் நன்றாகவே வருகிறார், பதறும் இடங்களில் மதுரைப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. சிம்ரன் தாளத்தைவிட முகத்தால் சமாளிக்கிறார், அது பரவாயில்லை, ஏனென்றால் அந்த அம்மா அதிகம் கதைக்கிற ஆள் இல்லை. பெடியன்கள் இருவரும் எனக்கு உறுத்தவில்லை. பெரியப்பா ஒத்துக்கொள்ளமாட்டார், தெரியும்.

ஆனால் பேச்சு சரியா பிழையா என்று மட்டும் புள்ளி போட்டுக்கொண்டிருந்தால் படம் என்ன செய்கிறது என்பதைத் தவறவிட்டுவிடுவோம். வேறு படங்களில் எங்கள் பேச்சு ஒரு அலங்காரம், பாத்திரம் இலங்கை என்று காட்டுவதற்கு ஒட்டிய முத்திரை. இதில் பேச்சுத்தான் ஆபத்து. இவர்கள் வாயைத் திறந்தால் யாரென்று தெரிந்துவிடும். சாமான் வாங்கப் போனால், படியில் ஒருவர் வணக்கம் சொன்னால், பிள்ளை ஒரு கேள்வி கேட்டால், ஒவ்வொன்றும் கண்டம்தான். அதனால் இந்தக் குடும்பம் எப்போது கதைக்கிறது, எப்போது கதைக்காமல் நிற்கிறது, யார் முதலில் தாங்கமாட்டாமல் கதைத்துவிடுகிறார், அதைக் கவனியுங்கள். இயக்குநர் படத்தின் இழையை அங்கேதான் வைத்திருக்கிறார். நான் முதல் தரம் பார்க்கும்போது பேச்சில் பிழை பிடித்துக்கொண்டே தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் ‘ஐயோ, இப்ப வாயைத் திறந்துவிடாதையுங்கோ’ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு இருந்தேன்.

வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் கிட்ட வரும். கொவென்றியில் தமிழ்நாட்டுப் பெடியன்களோடு ஒரே வீட்டில் இருக்கிறேன், நல்ல பெடியன்கள். ஆனால் அவர்களோடு இருக்கும்போது என் வாயிலிருந்து ‘பேசிட்டு இருக்கேன்’ என்று வந்துவிடும், அம்மாவின் அழைப்பு வந்தால் அதே நிமிடத்தில் ‘கதைச்சுக்கொண்டு இருக்கிறன்’ என்று மாறும். கொழும்பில் வேலை செய்யும் நீங்கள் பஸ்ஸில் தொலைபேசி வந்தால் குரலைத் தாழ்த்துவீர்களே, அதுவும் இதுதான். படத்தில் அதை யாரும் பிரசங்கம் பண்ணிச் சொல்லவில்லை. நடந்துகொண்டே இருக்கிறது.

சிம்ரனைப் பற்றி ஒரு சங்கதி, பெரியவர்களுக்காக. 2002-இல் மணிரத்னத்தின் கன்னத்தில் முத்தமிட்டால் வந்தது. அதில் சிம்ரன் சென்னையில் இருக்கும் அம்மா. தான் வளர்த்த இலங்கைப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, அந்தப் பிள்ளையின் பெற்ற தாயைத் தேடி இங்கே வருவார். சமாதான காலம் தொடங்கிய வருடம் அது, அம்மாவும் மாமியும் அந்தப் படத்தைப் பார்த்து எப்படி அழுதார்கள் என்று இன்றும் சொல்வார்கள். இருபத்து மூன்று வருடம் கழித்து அதே சிம்ரன் எங்கள் ஊர்ப் பக்கத்து அம்மாவாக, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போகிறார். படம் இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் முந்திய படத்தைப் பார்த்தவர்கள் சிம்ரன் குடும்பத்தோடு அந்தக் கரையில் நிற்பதைப் பார்க்கும்போது ஏதோ ஒன்று தட்டும். மாமியிடம் படம் தொடங்குமுன் இதைச் சொல்லிவைத்தால் நல்லது, இது கதையைக் கெடுக்காது.

படத்தின் பாதி அந்தக் குடியிருப்பு. கேசவ நகர் என்று பெயர். ஒவ்வொரு வீட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒருவருக்கொருவர் பெரிய ஒட்டு இல்லை. அங்கே போய் இந்தக் குடும்பம் குடியேறுகிறது. எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் பால் காய்ச்சினால் அடுத்த வீட்டுக்குத் தெரியும். யாராவது செத்தால் கேட்காமலே கதிரை வந்து இறங்கும், பந்தல் போடப் பெடியன்கள் வந்து நிற்பார்கள். அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த ஆட்களை, ‘யாரோடும் கதைக்காதே’ என்று சொல்லி இப்படி ஒரு இடத்தில் வைத்தால் எத்தனை நாள் தாங்குவார்கள்? படம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. அப்பா தர்மதாஸைக் கவனியுங்கள். சசிகுமார் இந்த மாதிரி நல்ல மனிதர் வேடம் நிறையச் செய்திருக்கிறார், ஆனால் இதில் அவரிடம் ஒரு நிதானம் இருக்கிறது. அவர் நல்லவராக இருப்பது குணத்தால் மட்டும் இல்லை, ஊர்ப் பழக்கத்தால். உதவி என்றால் என்ன, முன்னுக்கு நிற்பது என்றால் என்ன என்று ஊரில் பழகியதைத்தான் செய்கிறார். அதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாருக்கும் விளக்கவேண்டி இராது. எந்த இடம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒரு இடத்தில் பெரியப்பா கதிரையில் நிமிர்ந்து உட்காருவார் என்று எனக்கு இப்போதே தெரியும்.

மூத்தவன் நிதுஷனையும் விட்டுவிடாதீர்கள். அவன் அதிகம் பேசமாட்டான், அதனால் முதல் பார்வையில் முள்ளியின் குறும்புக்குள் மறைந்துவிடுவான். குடும்பமாக ஒரு முடிவு எடுத்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்த வயதுப் பெடியனிடம் யார் கேட்டார்கள்? 90-களில் எங்கள் அண்ணன்மாரை முகவரிடம் பணம் கட்டி அனுப்பிய கதை எல்லா வீட்டிலும் இருக்கிறது. அனுப்பியவர்கள் தியாகத்தைச் சொல்வார்கள். போனவர்கள் ஒன்றும் சொல்வதில்லை.

இனி எனக்குப் படத்தில் ஒத்துவராத இடம். இதையும் சொல்லாமல் படத்தை உங்கள் தலையில் கட்டினால் அது நியாயமில்லை.

உண்மையில் 2022-இல் போனவர்கள் சென்னையில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறவில்லை. பிடிபட்டார்கள், அல்லது தாங்களே போய்ச் சொன்னார்கள், மண்டபத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தமிழ்நாட்டில் 1983-இலிருந்து போனவர்களுக்கென்று மாவட்டம் மாவட்டமாக நூறுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. 2021-இல் அவற்றின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், புதிய வீடுகளும் கட்டத் தொடங்கினார்கள். ஆனால் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே கலியாணம் கட்டிய ஆட்களுக்கும் இந்தியக் குடியுரிமை கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, 2019-இல் கொண்டுவந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. ஆக, படகில் போய் இறங்கும் ஒரு குடும்பத்துக்கு முன்னால் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் மனம் மட்டுமில்லை, அகதிகளைக் கண்காணிக்கும் கியூ பிரிவுப் பொலீசின் பதிவேடும் இருக்கிறது.

எங்கள் சொந்தத்தில் ஒரு மாமா சின்ன வயதில் சில வருடம் முகாமில் இருந்தவர், பிறகு திரும்பி வந்தார். பத்தடிக்குப் பத்தடி அறை, நடுவில் சேலையைக் கட்டி இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் சமையல், ஒரு பக்கம் படுக்கை. கணக்கெடுப்பு நாளில் குடும்பத்தில் எல்லாரும் வரிசையில் நிற்கவேண்டும், வெளியூருக்கு வேலைக்குப் போனவரும் அன்றைக்குத் திரும்பி வரவேண்டும், இல்லாவிட்டால் உதவிப்பணம் வெட்டு. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இருக்காது. படிக்க வைத்ததும் அங்கேதான், சோறு போட்டதும் அங்கேதான் என்றும் சேர்த்துச் சொல்வார். அவருக்குப் பக்கத்தில் இருந்து இந்தப் படத்தைப் பார்க்க எனக்கு ஆசை, கொஞ்சம் தயக்கமும் இருக்கிறது. ‘இப்பிடி ஆர் தம்பி விடுவாங்கள்?’ என்று அவர் கேட்டால் அதற்குப் படத்திடம் பதில் இல்லை.

அப்படியானால் படம் பொய் சொல்கிறதா? எனக்கு அப்படிப் படவில்லை. நடக்கவேண்டியதை நடக்கிற மாதிரிச் சொல்கிறது. சட்டத்தை ஒரு பக்கம் மெதுவாகத் தள்ளிவைத்துவிட்டு, ‘இவர்கள் உங்கள் பக்கத்து வீட்டில் இருந்தால்?’ என்று தமிழ்நாட்டுப் பார்வையாளரிடம் கேட்கிறது. அந்தக் கேள்வி எங்களுக்காக எழுதப்பட்டது இல்லை, அவர்களுக்காக எழுதப்பட்டது. அதனால் எங்கள் தரப்பில் இருந்து பார்த்தால் சில இடம் சீனி கூடின தேநீர் மாதிரி இருக்கும். எல்லாரும் கொஞ்சம் அதிகமாக நல்லவர்களாக மாறுகிறார்கள். பொலீஸ் சம்பந்தப்பட்ட இழை எனக்குப் படத்திலேயே பலவீனமான இடம், அதன் முடிச்சு எழுத்தாளரின் கையால் போட்டதென்று தெரிகிறது. இதை அறிந்துகொண்டே பார்த்தாலும் படம் என்னைப் பிடித்தது, ஏனென்றால் வீட்டுக்குள் நடப்பது ஒன்றும் பொய்யாக இல்லை.

பெரியவர்களைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: இதில் சண்டைக் காட்சி இல்லை. ஷெல் விழுவதோ, முகாமில் அழுவதோ காட்டவில்லை. அம்மம்மா இருந்து பார்க்கலாம். ஆனால் தொடக்கத்தில் இரவுக் கடற்கரையும் இறங்கும் குடும்பமும் சீருடையும் வரும். 1990-இல் பிள்ளைகளோடு படகில் போன ஆட்கள் யாராவது கூட இருந்தால் அந்த இடம் வரும்போது அவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் இருங்கள், அவ்வளவு போதும். அது நீண்ட இடமும் இல்லை, அங்கே வருவது பயம் மட்டுமும் இல்லை.

இப்போது கதை வெளியே போகாமல் காப்பாற்றும் விஷயம். இந்தப் படத்தைக் கெடுப்பது யாரும் வாயால் சொல்லும் கதை இல்லை, கைபேசியில் ஓடும் துண்டுகள்தான். ஒன்றரை நிமிடத் துண்டாக வெட்டிப் போடுகிறவர்கள் எடுப்பது எப்போதும் இரண்டாம் பாதியிலிருந்து, ஏனென்றால் கண்ணீர் வருவது அங்கே. மேலே பெரிய எழுத்தில் யாருக்கு என்ன ஆனது என்றும் போட்டிருப்பார்கள். இந்தப் பெயரை ஒருமுறை தேடினாலே அடுத்த நாள் முழுக்க அதுவே வந்து நிற்கும். ஆகவே தேடவேண்டாம், ட்ரெய்லரும் வேண்டாம். நடிகர் பட்டியலைப் போய் வாசிக்கவும் வேண்டாம், அதில் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உறவுமுறை எழுதியிருப்பார்கள். சின்னவன் ஆடும் ஒரு நடனத் துண்டு மட்டும் பார்த்திருந்தால் பரவாயில்லை, அதில் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. ஏற்கெனவே பார்த்த மச்சாள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். அழுகை வரப்போகிறது என்று முன்கூட்டியே மற்றவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கிறது, அதனால் பின்வரிசையில் இருங்கள். ‘இப்ப பாருங்கோ’ என்ற சொல் அன்றைக்கு வீட்டில் தடை.

அடிதடி இல்லாவிட்டால் படமே இல்லை என்று சொல்லும் மச்சானுக்கு: முதல் அரை மணித்தியாலம் கொடு. இதில் துரத்தல் இல்லை, ஆனால் கதவு தட்டும் சத்தத்துக்கே நெஞ்சு இடிக்கும் இடங்கள் இருக்கின்றன. ரொறன்ரோவில் பிறந்த இரண்டு பேருக்கும் ஆங்கில வசனவரி போடலாம், போடுவோம். ஆனால் அது சென்னைப் பேச்சையும் எங்கள் பேச்சையும் ஒரே மாதிரி ஆங்கிலமாக்கிவிடும், யார் எப்போது எந்தப் பேச்சில் இருக்கிறார் என்ற வித்தியாசமே அதில் காணாமல் போகும். அதனால் உங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் கதையைச் சொல்லாமல் ‘இப்ப ஒளிக்கிறார்’, ‘இப்ப எங்கட மாதிரிக் கதைக்கிறார்’ என்று மட்டும் காதில் சொன்னால் போதும். அந்த வேலைக்குத் தங்கச்சியைப் போட்டிருக்கிறேன், அவளுக்குக் குறைவாகப் பேசத் தெரியும்.

நேரம். சப்பரத்தன்று இரவு யாரும் நித்திரை கொள்ளப்போவதில்லை, தேருக்கு விடிய எழும்பவேண்டும். தேரன்று மத்தியானம் வீட்டில் எல்லாரும் சுருண்டு கிடப்பார்கள், அப்போது போட்டால் அரைவாசிப்பேர் படத்துக்குள்ளேயே நித்திரை. தீர்த்தத்தன்று காலை முடிந்து வந்து சாப்பிட்டால் இரண்டு மணி. கொடியிறக்கத்துக்குப் போகிறவர்கள் வெளிக்கிட அந்தியாகும். இடையில் இரண்டேகால் மணித்தியாலம் அப்படியே கிடைக்கிறது. படத்தின் நீளம் முக்கியம் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான். அடுத்த நாள் பூங்காவனத்துக்கு விடலாமென்றால், கொழும்பு ஆட்கள் அன்றைக்கு இரவு பஸ்ஸுக்கு மூட்டை கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

இடம் சின்னம்மா வீட்டுப் பெரிய அறை, அங்கே ரீவி பெரிது, யன்னலுக்குத் தடிப்பான திரையும் இருக்கிறது. படத்தின் முதல் பகுதி இரவில் நடப்பதால் வெளிச்சம் விழுந்தால் முகம் தெரியாது, திரையை இழுத்து மூடவேண்டும். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைக்கவேண்டும், இவர்கள் பாதி நேரம் அடங்கின குரலில்தான் கதைக்கிறார்கள், மின்விசிறிச் சத்தத்தில் அது போய்விடும். இணையம் அந்த நேரம் இழுக்கும், அதனால் முறையான கணக்கில் முதல் நாள் இரவே இறக்கி வைக்கிறேன். ரீவியோடு இணைக்கும் கேபிள் என்னிடம் இருக்கிறது. நடுவில் நிறுத்திச் சாப்பாடு வைக்கும் கதை வேண்டாம், நிறுத்தினால் ஒரு முறைதான், அதுவும் இடைவேளை வரும் இடத்தில். கச்சான் வாங்கி வருகிறவர்கள் உடைத்துச் சாப்பிடுகிற கச்சான் வாங்காமல் கோது நீக்கினதாக வாங்கி வாருங்கள், அடங்கின குரல் என்று இப்போதுதான் சொன்னேன்.

முகாமில் இருந்த மாமாவை அழைக்கும் பொறுப்பை நான் எடுக்கிறேன். அவர் வர ஒத்துக்கொண்டால் முன்வரிசைச் சாய்கதிரை அவருக்கு. வேண்டாம் என்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது. யார் யார் வருகிறீர்கள் என்று சப்பரத்துக்கு முதல் நாளுக்குள் குழுவில் போடுங்கள், சின்னம்மா எத்தனை பேருக்குத் தேநீர் போடுவது என்று இப்பவே கேட்டுக்கொண்டிருக்கிறார்.